வினையெச்ச அடுக்கு: ஒரு தொடரா, பல தொடரா? தோல் பதனிடு தொழில்மொழியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

தமிழில் 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சங்கள் பல அடுக்கி வந்து ஒரு முற்றுவினையால் முடியும் அமைப்பை ஒரே கிளைத்தொடராகக் கொள்வதா, பல கிளைத்தொடர்களாகக் கொள்வதா என்பது மொழியியலார் இடையே நெடுங்கால வினாவாக உள்ளது. வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் உள்ள கணியம்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத் தோல் பதனிடு தொழிலின் செய்முறைக் கூற்றுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது. இடைச்செருகல், காலக்குறிப்பு, எதிர்மறை, ஏவல் ஆகிய நான்கு சோதனைகள் ஒரே விடையைத் தருவதில்லை என்பதும், அவ்வேறுபாட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதும் காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வினையெச்சம், வினையடுக்கு, கிளைத்தொடர், துணைவினை, எதிர்மறை எல்லை, எச்சத்திரிபு.

1. முன்னுரை

ஒரு வினைப் பயனிலையும் அது அவாவி நிற்கும் எழுவாய், செயப்படுபொருள் முதலியனவும் சேர்ந்த அலகை இக்கட்டுரை 'கிளைத்தொடர்' எனக் குறிக்கிறது. ஒரு வாக்கியத்தில் ஒன்றோ பலவோ கிளைத்தொடர்கள் இருக்கலாம். முற்றுவினைகளை எண்ணினால் கிளைத்தொடர்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும் என்பது பல மொழிகளுக்குப் பொருந்தும் எளிய வழி. தமிழுக்கு அது பொருந்தாது. தமிழ் வாக்கியம் இறுதியில் ஒரு முற்றுவினையை மட்டும் கொண்டு, அதற்கு முன் எத்தனை எச்சங்களையும் அடுக்கிக்கொள்ள வல்லது.

வேலூருக்குத் தெற்கே உள்ள கணியம்பாடி முதல் மேற்கே ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் பதனிடுதலோடு வாழ்வு பின்னிய வட்டாரம். ஒரு தோல் உப்பிட்ட நிலையிலிருந்து பதமான தோலாக மாறும் வரை வரிசை மாறாத பல செயல்களுக்கு உட்படுகிறது. ஆகவே அத்தொழிலை விளக்கும் கூற்றுகள் இயல்பாகவே நீண்ட வினையடுக்குகளாக அமைகின்றன. எச்ச அடுக்கை ஆராய இத்தகைய செய்முறைக் கூற்று தகுந்த களமாகும். இக்கட்டுரையில் எண்ணிட்டுக் காட்டப்படும் தொடர்கள் அத்தொழிற்சூழலுக்கு ஏற்பக் கட்டுரையாளரால் அமைக்கப்பட்டவை. அவற்றின் ஏற்புடைமையைத் தமிழ் பேசுவோர் எவரும் தம் மொழியுணர்வால் சோதித்துக்கொள்ளலாம். உடுக்குறி (*) இட்டவை ஏற்கப்படாதவை, அல்லது கருதிய பொருளைத் தராதவை.

2. இலக்கண மரபின் பார்வை

இவ்வினா புதியதன்று. தொல்காப்பிய வினையியல் வினையெச்ச வாய்பாடுகளைத் தொகுத்தபின், அவற்றுள் செய்து, செய்யூ, செய்பு என்னும் முதல் மூன்றும் தம் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என வரையறுக்கிறது. எச்சத்தின் எழுவாயும் முடிக்கும் வினையின் எழுவாயும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பது இதன் கருத்து. சினையின் வினையை உணர்த்தும் எச்சம் முதலின் வினையோடு முடியலாம் என்ற விலக்கையும் அது தருகிறது. தொடர்ந்து, வினையெச்சங்கள் பல அடுக்கி வந்தாலும் ஒரு முடிபால் அனைத்தும் பொருள் முடிவு பெறும் என்றும் கூறுகிறது.

இம்மூன்று விதிகளையும் ஒருங்கே நோக்கினால் மரபிலக்கணத்தின் நுட்பம் புலப்படும். ஒவ்வோர் எச்சத்துக்கும் வினைமுதல் உண்டு என்பதால் ஒவ்வொன்றும் ஒரு வினைநிகழ்வாக மதிக்கப்படுகிறது. ஆனால் முடிபு ஒன்றே என்பதால் வாக்கியத்தின் நிறைவு ஓரிடத்தில் மட்டும் வைக்கப்படுகிறது. நிகழ்வுகளின் எண்ணிக்கையும் முடிபின் எண்ணிக்கையும் வெவ்வேறு கணக்குகள் என்பதே இதன் உட்கிடை. இவ்வேறுபாடு கட்டுரையின் இறுதியில் மீண்டும் பயன்படும்.

வினைமுதல் ஒன்றாதல் வேண்டும் என்ற விதியை மீறும் வழக்கும் உண்டு.

(1) மழை பெய்து உப்புத்தோல் அழுகிவிட்டது.

இங்குப் பெய்தது மழை; அழுகியது தோல். இத்தகைய வழக்கை நன்னூலும் உரையாளர்களும் எச்சத்திரிபாகக் கொண்டனர். 'பெய்து' என்னும் சொல் வடிவால் 'செய்து' வாய்பாடாயினும் பொருளால் 'பெய்ய' எனக் காரணத்தை உணர்த்துகிறது என்பது அவர்கள் விளக்கம். இரண்டு எழுவாய்கள் வெளிப்படையாக நிற்கும் (1) போன்றவற்றை இரு கிளைத்தொடர்கள் எனக் கொள்வதில் எவருக்கும் ஐயமில்லை. சிக்கல் எழுவாய் ஒன்றாக உள்ள இடங்களில்தான் எழுகிறது.

3. இக்கால மொழியியலில் சிக்கலின் வடிவம்

மேற்கு ஆப்பிரிக்க மொழிகளிலும் தென்கிழக்கு ஆசிய மொழிகளிலும் இணைப்புச் சொல்லோ எச்ச விகுதியோ இன்றி வினைகள் அடுத்தடுத்து நின்று ஒரே பயனிலையாக இயங்கும் அமைப்பு உண்டு. ஐக்கன்வால்ட், டிக்சன் ஆகியோர் 2006இல் பதிப்பித்த தொகுப்பு இத்தகைய தொடர்வினை அமைப்புகளை ஒரே கிளைத்தொடராக வரையறுத்தது. ஹாஸ்பெல்மத் 2016இல் அவ்வரையறையை மேலும் இறுக்கி, வினைகளுக்கிடையே இணைப்புக் கூறு எதுவும் இருத்தல் கூடாது என்றார். அவ்வரையறைப்படி தமிழின் 'எடுத்து வந்தான்' வெளியே நிற்கும். 'எடுத்து' என்பதில் இறந்தகால இடைநிலையும் எச்ச விகுதியும் உள்ளன.

எனினும் வடிவத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தால் தமிழின் உண்மைநிலை மறையும். சங்கத் தமிழில் முற்றுவினையே எச்சப்பொருளில் நின்று மற்றொரு முற்றைக் கொண்டு முடிவதை மரபு முற்றெச்சம் என்றது. இரண்டு வினைகளும் எழுவாய்க்கேற்ப விகுதி பெற்று அடுத்தடுத்து நிற்கும் இத்தகைய அமைப்புகளைத் திராவிட மொழிகள் முழுவதிலும் தொகுத்து ஆராய்ந்தவர் ஸ்டீவர் (1988). முற்று வடிவம் பெற்ற வினையும் தனித்த வாக்கியமாக அமையாமல் போகலாம் என்பதை முற்றெச்சம் காட்டுகிறது. எனவே விகுதியை எண்ணிக் கிளைத்தொடரை எண்ண முடியாது. தொடரியல் நடத்தையையே சோதிக்க வேண்டும்.

4. நான்கு சோதனைகள்

4.1 இடைச்செருகல்

(2) அவர் தோலைத் தொட்டியில் போட்டுவிட்டார்.
(3) அவர் தோலைக் கழுவி உலர்த்தினார்.

(3)இல் இரு வினைகளுக்கிடையே 'மாலையில்', 'கொல்லையில்' முதலிய சொற்களைச் செருகலாம்: 'தோலைக் கழுவி மாலையில் கொல்லையில் உலர்த்தினார்'. (2)இல் அவ்வாறு செய்தால் ('*போட்டு மாலையில் விட்டார்') முடிவுப்பொருள் கெட்டு 'விடு' தன் சொற்பொருளுக்குத் திரும்புகிறது. ஆனால் 'போட்டேவிட்டார்' என்பதில் ஏகார இடைச்சொல் நுழைய முடிகிறது. ஆகவே 'போட்டுவிடு' முழுமையாக ஒரு சொல்லும் அன்று; இரு கிளைத்தொடரும் அன்று. ஒரு பயனிலைக்குள் இரு சொற்கள் என்பதே பொருந்தும். இ. அண்ணாமலை (1985) வினைப்பெருக்கம் எனவும் லேமன் (1989) துணைவினை எனவும் விரிவாக விளக்கிய பகுதி இது.

இச்சோதனையின் எல்லையையும் கூறுதல் வேண்டும். எழுத்தில் இடைவெளி விடுவதும் விடாததும் சான்றாகா. 'போட்டு விட்டார்' எனப் பிரித்தெழுதுவோரும் துணைவினைப் பொருளையே கருதுகின்றனர்.

4.2 காலக்குறிப்பு

(4) நேற்று உப்பைத் தட்டி இன்று ஊறப்போட்டார்கள்.
(5) *நேற்று தோலை எடுத்து இன்று வந்தார். ('கொண்டுவந்தார்' என்னும் பொருளில்)

தனித்தனிக் காலக்குறிப்பை ஏற்கும் வினைகள் தனித்தனி நிகழ்வுகள். (4) இரு நிகழ்வு. 'எடுத்துவந்தார்' என்பதில் எடுத்தலும் வருதலும் உலகியலில் இரு செயல்களே ஆயினும் மொழி அவற்றை ஒரு பெயர்ச்சி நிகழ்வாகக் கட்டிவிட்டது. அதனால் இரு காலக்குறிப்புகளை அது ஏற்பதில்லை. இங்கு 'வா' தன் சொற்பொருளை இழக்கவில்லை என்பது கருதத்தக்கது. அதாவது துணைவினையாகத் தேயாத வினைகளும் ஒரே கிளைத்தொடராக இணைய முடியும். ஹாஸ்பெல்மத் வரையறை வடிவத்தால் விலக்கிய தொடர்வினைக்குத் தமிழில் நடத்தையால் மிக நெருங்கியது இவ்வகையே.

4.3 எதிர்மறை

(6) அவர் கத்தியால் சீவிச் சதையை எடுக்கவில்லை.

இத்தொடருக்கு இரு பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன. சதை எடுக்கப்பட்டது, ஆனால் கத்தியால் சீவும் முறையில் அன்று (எந்திரத்தில் எடுத்தார்) என்பது ஒன்று. சீவவும் இல்லை, எடுக்கவும் இல்லை என்பது மற்றொன்று. 'சீவினார், ஆயினும் எடுக்கவில்லை' என்னும் மூன்றாம் பொருளுக்கு உம்மை தேவைப்படுகிறது: 'சீவியும் எடுக்கவில்லை'.

எச்சம் தனிக் கிளைத்தொடராயின், இறுதி வினையின் எதிர்மறை அதைத் தொடாமல் மூன்றாம் பொருளே முதலில் தோன்றியிருக்க வேண்டும். அவ்வாறு தோன்றவில்லை. எனவே எதிர்மறை எச்சத்தையும் தன் எல்லைக்குள் கொள்ள வல்லது என்பது தெளிவு. ஆனால் (4)ஐ 'நேற்று உப்பைத் தட்டி இன்று ஊறப்போடவில்லை' என மாற்றினால் பலருக்கும் தட்டியது உண்மை, ஊறப்போடாதது மட்டுமே குறை என்று படும். காலக்குறிப்பால் பிரிந்த நிகழ்வுகளில் எதிர்மறை இறுதி வினையோடு நின்றுவிடுகிறது. ஒரே வடிவம் இரு நடத்தை காட்டும் இவ்விடமே இவ்வாய்வின் மையச் சிக்கல்.

எச்சத்தையே எதிர்மறையாக்கும் சோதனை இன்னும் கூர்மையானது. 'கத்தியை வைத்துச் சதையை எடுத்தார்' என்பதற்கு, கத்தியைக் கொண்டு எடுத்தார் என்றும், கத்தியைக் கீழே வைத்தபின் எடுத்தார் என்றும் இரு பொருளுண்டு. 'கத்தியை வைக்காமல் சதையை எடுத்தார்' எனில் கீழே வைக்காமல் என்னும் ஒரு பொருளே கிடைக்கிறது. கருவிப்பொருளின் எதிர்மறை 'கத்தி இல்லாமல்' என்றே வரும். ஆகவே கருவிப்பொருளில் வரும் 'வைத்து' வினைத்தன்மை இழந்து சொல்லுருபாகிவிட்டது. அது கிளைத்தொடர்க் கணக்கில் சேராது.

4.4 ஏவல்

(7) மூடியைத் திறந்து உள்ளே பார்.
(8) மூடியைத் திறந்ததும் உள்ளே பார்.

(7)ஐக் கேட்பவர் மூடியைத் திறக்கவும் ஏவப்படுகிறார். (8)இல் பார்ப்பது மட்டுமே ஏவப்படுகிறது. மூடியை யாரேனும் திறக்கலாம். இறுதி வினையின் ஏவல் 'செய்து' எச்சத்தின்மேல் பரவுகிறது, 'செய்ததும்' என்பதன்மேல் பரவுவதில்லை. 'செய்ததும்', 'செய்தால்' முதலியன சார்புக் கிளைத்தொடர்கள் என்பதில் ஐயமில்லை. 'செய்து' அவற்றினின்றும் வேறுபடுகிறது. அதே வேளை அது தனித்து நிற்க முடியாததால் இணைக் கிளைத்தொடரும் அன்று.

ஃபோலியும் வான் வேலினும் 1984இல் இத்தகைய மூன்றாம் உறவுக்கு இடம் அளித்தனர். தனித்து முடியாமையில் சார்பும், உள்ளடங்காமையில் இணையும் ஒருங்கே கொண்ட உறவு அது. இதனைத் தமிழில் 'இணைசார்பு' எனலாம். ஏவல், வினா, கட்டாயம் முதலியன இறுதியில் ஒருமுறை குறிக்கப்பட்டு அடுக்கு முழுவதற்கும் உரியனவாகின்றன. ஒரு முடிபால் அனைத்தும் முடியும் என்ற தொல்காப்பியக் கருத்தும் இவ்வுறவையே சுட்டுவதாகக் கொள்ள இடமுண்டு.

5. ஒரு செய்முறைக் கூற்றின் பகுப்பாய்வு

மேற்கண்ட சோதனைகளை ஆவாரம்பட்டை கொண்டு பதனிடும் பழைய முறையை விளக்கும் ஒரு கூற்றில் பொருத்திப் பார்க்கலாம்.

(9) உப்புத்தோலை நீரில் அலசிச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டுவைத்து, மயிர் தளர்ந்ததும் எடுத்து, மயிரை வழித்துச் சதையைச் சீவி, மறுபடி அலசிப் பட்டைச்சாற்றில் ஊறவைத்துவிட வேண்டும்.

இதில் உள்ள வினை வடிவங்கள்: அலசி, போட்டு, வைத்து, தளர்ந்ததும், எடுத்து, வழித்து, சீவி, அலசி, ஊற, வைத்து, விட, வேண்டும். மொத்தம் 12. இவை எத்தனை கிளைத்தொடர்கள்?

இறுதியிலிருந்து தொடங்குவோம். 'ஊறவைத்துவிட வேண்டும்' என்பதில் நான்கு வடிவங்கள் உள்ளன. ஊறுவது தோலே ஆயினும் அது எழுவாயாக நிற்கவில்லை. 'உப்புத்தோலை' என இரண்டாம் வேற்றுமை ஏற்றுச் செயப்படுபொருளாகிவிட்டது. 'ஊற', 'வை' இரண்டும் கூடி ஒரு பிறவினையாயின என்பதற்கு இது சான்று. 'விடு' இடைச்செருகலை ஏற்காத துணைவினை. 'வேண்டும்' கட்டாயத்தை உணர்த்துவது. ஆகவே நான்கும் ஒரு பயனிலை, ஒரு கிளைத்தொடர்.

'மயிர் தளர்ந்ததும்' தனக்கென எழுவாய் உடையது. இறுதியில் நிற்கும் 'வேண்டும்' அதன்மேல் பரவவில்லை. மயிர் தளர வேண்டும் என யாரும் கடமைப்படுத்தப்படவில்லை. எனவே அது சார்புக் கிளைத்தொடர்.

அலசி, எடுத்து, வழித்து, சீவி, அலசி என்னும் ஐந்தும் காலக்குறிப்பையும் இடைச்செருகலையும் ஏற்கின்றன. ஒவ்வொன்றையும் 'அலசாமல்', 'சீவாமல்' எனத் தனித்து எதிர்மறையாக்கலாம். கட்டாயப்பொருள் ஐந்தின்மேலும் பரவுகிறது. ஆகவே இவை ஐந்தும் இணைசார்புக் கிளைத்தொடர்கள்.

எஞ்சியது 'போட்டுவைத்து'. இங்கு 'வை' பின்பயன் கருதிய துணைவினை எனில் இரு வடிவமும் ஒரு கிளைத்தொடர். ஆனால் இதே இடத்தில் 'போட்டு ஒரு வாரம் வைத்து' என்று கூறுதலும் இயல்பே. அப்போது 'வைத்து' தன் சொற்பொருள் பெற்றுத் தனிக் கிளைத்தொடராகிறது. இடையில் ஒரு கால அளவு வரும் வரை இரு பகுப்புக்கும் இடமுண்டு. பேசுவோர் மனத்திலும் இவ்வெல்லை உறுதியாக இருக்க வேண்டிய தேவையில்லை. முன்னதன்படி (9)இல் 8 கிளைத்தொடர்களும், பின்னதன்படி விரிந்த கூற்றில் 9 கிளைத்தொடர்களும் உள்ளன. 12 வடிவங்கள் 12 கிளைத்தொடர்கள் ஆகவில்லை. ஒரு முற்று என்பதால் ஒன்றாகவும் சுருங்கவில்லை.

6. பொருள் இயைபின் பங்கு

சோதனைகள் முரண்படும் இடங்களை விளக்க மற்றொரு காரணியும் தேவை. பெயரெச்சத் தொடராக்கும்போது அது தெளிவாகிறது.

(10) அவர் திறந்து தோலை எடுத்த தொட்டி
(11) *அவர் குடித்துத் தோலை எடுத்த தேநீர்

(10)இல் 'தொட்டி' எச்சத்தின் செயப்படுபொருள். அதைத் தலைமைப் பெயராக வெளியே கொணர முடிகிறது. (11)இல் அமைப்பு அதுவேயாயினும் முடியவில்லை. தொட்டியைத் திறத்தல் தோலை எடுத்தற்கு வழி. தேநீர் குடித்தல் அவ்வாறன்று. 'செய்து' எச்சத்தால் இணையும் நிகழ்வுகளுக்குள் இயல்பான பொருள் தொடர்பு வேண்டும் என்பதை லிண்ட்ஹோம் (1975) வினையெச்சத்தின் பொருண்மை பற்றிய ஆய்வில் வற்புறுத்தினார். அப்பொருள் இயைபு மிகுந்த அளவுக்கு அடுக்கு ஒரே அலகுபோல நடக்கிறது என்பதை (10), (11) காட்டுகின்றன. (6)இல் எதிர்மறை எச்சத்தையும் தழுவியதும், காலக்குறிப்பால் பிரிந்த தொடரில் தழுவாததும் இதே காரணத்தால் விளக்கம் பெறுகின்றன.

7. அறிவிப்பு மொழியில் இதன் விளைவு

எதிர்மறையின் எல்லை பற்றிய இவ்வையம் வகுப்பறையோடு நிற்பதன்று. மயிர் நீக்கப் பயன்படும் சோடியம் சல்பைடு கலந்த கழிவு, அமிலம் கலந்த கழிவோடு சேரும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு தோன்றும். மூடிய கழிவுத் தொட்டியில் இறங்குவது உயிருக்கு இடையூறு. அத்தகைய தொட்டியருகே கீழ்வரும் தொடர் எழுதப்படுவதாகக் கொள்வோம்.

(12) மூடியைத் திறந்து தொட்டியில் இறங்கக் கூடாது.

திறத்தலும் இறங்குதலும் சேர்ந்த முழுச்செயலும் தடை என்பது ஒரு பொருள். திறக்கலாம், இறங்குதல் மட்டும் தடை என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் இறங்குதல் தடையே. ஆனால் (6)இன் முதற்பொருளை ஒத்த மூன்றாவது ஒன்றும் உண்டு: அவ்வாறு மூடியைத் திறந்த கையோடு இறங்குதல் தடை, வேறு முறையில் இறங்கலாம். எச்சம் இறங்கும் முறையைக் குறிக்கும் அடையாகக் கொள்ளப்படும்போது தடை முறையின்மேல் மட்டும் விழுகிறது, செயல் தப்பிவிடுகிறது. முற்றிலும் தடை செய்யக் கருதியவருக்கு இப்பொருள் விரும்பத்தகாதது.

கருத்துக்கேற்ப வடிவத்தை மாற்றினால் ஐயம் அகலும். 'மூடியைத் திறக்கவும் கூடாது. தொட்டியில் இறங்கவும் கூடாது' என்பதில் இரு தடைகளும் தனித்தனியே முடிகின்றன. 'மூடி திறந்திருந்தாலும் தொட்டியில் இறங்கக் கூடாது' என்பதில் எச்சம் சார்புக் கிளைத்தொடராகிவிடுவதால் தடை இறங்குதலின்மேல் மட்டும், முழுமையாக, நிற்கிறது. உடன்பாட்டுக் கட்டளைகளில் 'செய்து' அடுக்கு தீங்கற்றது. (7)இல் கண்டவாறு ஏவல் எல்லா வினைகளின்மேலும் பரவுகிறது. தடைக் கட்டளைகளில் மட்டுமே அது தவிர்க்கத்தக்கது.

8. முடிவுரை

வினையெச்ச அடுக்கு ஒரு தொடரா, பல தொடரா என்னும் வினாவுக்கு வடிவத்தை மட்டும் கொண்டு விடை கூற இயலாது. இவ்வாய்வில் 'செய்து' என்னும் ஒரே வடிவத்துக்கு நான்கு நிலைகள் புலப்பட்டன. சொல்லுருபாகத் தேய்ந்தவை கிளைத்தொடரே அல்ல. துணைவினையோடும், 'எடுத்துவந்தார்' போல ஒரே நிகழ்வாகவும் கட்டுண்டவை ஒரு கிளைத்தொடர். எழுவாய் ஒன்றாகிக் காலத்தால் பிரியக்கூடியவை இணைசார்புக் கிளைத்தொடர்கள். எழுவாய் வேறானவை காரணப்பொருளில் வரும் தனிக் கிளைத்தொடர்கள்.

சோதனைகள் முரண்படுவதாகத் தோன்றுவது, அவை இரு வேறு பொருள்களை எண்ணுவதால் ஆகும். இடைச்செருகலும் காலக்குறிப்பும் நிகழ்வுகளை எண்ணுகின்றன. ஏவல் முடிபை எண்ணுகிறது. எதிர்மறை இவ்விரண்டுக்கும் இடையே பொருள் இயைபுக்கேற்ப நகர்கிறது. வினைமுதலுக்கு ஒரு விதியும் அடுக்கின் முடிபுக்கு மற்றொரு விதியும் தனித்தனியே வகுத்த தொல்காப்பியம் இவ்விரு கணக்குகளையும் ஒன்றாகக் குழப்பவில்லை. 'போட்டுவைத்து' போன்ற எல்லைநிலை அமைப்புகளில் எந்த அளவு பொருள் இயைபு இரு கிளைத்தொடரை ஒன்றாக்குகிறது என்பதைப் பல்வேறு தொழில்மொழிகளின் பதிவுசெய்யப்பட்ட பேச்சைக் கொண்டு அளந்தறிதல் அடுத்த கட்ட ஆய்வாக அமையும்.